சீக்கிரம் நின்ற ரத்தம்

முட்டாள்களில் பல ரகம் உண்டு. விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருக்கும் முட்டாள்தான் அதில் மோசமான ரகம் என்பது தையல்காரியின் தீர்மானம். இருபத்தேழு வருஷம் அந்த ரகத்தோடு குடித்தனம் நடத்தியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவள் புருஷனின் கார்டில் பெயருக்குக் கீழே 'சேர்மன்' என்று போட்டிருந்தது. எதற்குச் சேர்மன் என்று கார்டு சொல்லவில்லை, கேட்டவர்களுக்கு அவரும் சொல்லவில்லை. தெருவே அவரைச் சேர்மன் என்று கூப்பிட்டுச் சிரித்தது. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

சேர்மன் முதலில் தண்ணீர் வடிகட்டி விற்றார். பிறகு கையில் மாட்டினால் மூட்டுவலி போகும் என்று ஒரு காந்த வளையம். அதற்கும் பிறகு, ஆள் சேர்த்துவிட்டால் உட்கார்ந்த இடத்தில் வாழலாம் என்று ஒரு சோப்பு. ஒவ்வொன்றையும் ஆரம்பிக்கும்போது அவர் கால் தரையில் பாவாது. முடியும்போது மிச்சச் சரக்கு கட்டிலுக்கு அடியில் போய்ச் சேரும். "இது வேற மாதிரிம்மா, நீ பாரேன்" என்பார் ஒவ்வொரு தடவையும்.

"பாக்கறேங்க. போன தடவை கட்டிலுக்கு அந்தப் பக்கம் தள்ளினீங்க. இந்தத் தடவை இந்தப் பக்கம் இடமிருக்கு" என்பாள் அவள். மரியாதையில் ஒரு எழுத்துகூடக் குறையாது. குத்து மட்டும் சரியான இடத்தில் விழும்.

வீட்டில் அடுப்பு எரிந்தது அவளால்தான். பெரிய சாலையில் இருந்த சலவைக் கடையின் பின்னறையில் அவளுக்கு ஒரு தையல் இயந்திரம், ஒரு மேசை, தலைக்கு மேலே ஒரு குழல்விளக்கு. பேன்ட்டின் அடி மடிப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டின் உள்துணி விட்டுப்போனால் பிடித்துக் கொடுப்பது அவள் வேலை. இடுப்பு பெருத்ததை ஒத்துக்கொள்ளாமல் "துணி சுருங்கிடுச்சு" என்று வந்து நிற்பவர்களை அவளுக்குக் கண்டாலே ஆகாது. "ஆமா சார், துணிதான் சுருங்குது, வயசுக்குத் துணி சுருங்கத்தான் செய்யும்" என்று அளவு நாடாவைச் சுற்றுவாள். சார்களுக்கு அது புரிந்ததே இல்லை. அதிலும் அவளுக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

மனிதர்கள் மேல் அவளுக்கு இருந்த இளக்காரத்துக்குக் காரணம் தேட வேண்டாம். பிறவிக் குணம் கொஞ்சம், சேர்மன் மிச்சம்.

அவள் நெஞ்சுக்குள் ஒரு செயற்கை வால்வு இருந்தது. சின்ன வயதில் வந்த காய்ச்சல் இதயத்தின் கதவொன்றைக் கெடுத்துவிட்டுப் போக, பெரியவளான பிறகு அறுத்து எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். அறை அமைதியாக இருந்தால் அது டிக் டிக்கென்று கேட்கும். அப்படிப்பட்ட வால்வின் மேல் ரத்தம் உறைந்துவிடும் ஆபத்து எப்போதும் உண்டு. உறைந்த துணுக்கு பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் ரத்தம் உறையாமல் இருக்க சாயங்காலம் தவறாமல் ஒரு மாத்திரை. மாத்திரை குறைந்தால் கட்டி, கூடினால் ரத்தக் கசிவு, நடுவில் ஒரு கம்பி மேல் நடை. சரியாக நடக்கிறாளா என்று பார்க்க மருத்துவமனையில் மாதாமாதம் விரல் நுனியில் குத்தி ஒரு எண் எடுப்பார்கள். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நின்றால் நல்லது. அந்த எண்ணைப் பார்க்கும் நர்ஸை எல்லாரும் 'நம்பர் நர்ஸ்' என்றார்கள். சிரிக்காத பெண். தையல்காரிக்குப் பிடித்த சொற்பப் பேரில் அவளும் ஒருத்தி.

அந்த மாத்திரை சாப்பிடுகிறவள் ஊசி பிடித்துப் பிழைப்பது சுலபமில்லை. விரலில் ஊசி ஏறினால் மற்றவர்கள் வாயில் வைத்துச் சப்பிவிட்டு அடுத்த தையலுக்குப் போவார்கள். இவள் பஞ்சை அழுத்திக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார வேண்டும். வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு விழுந்தால் கடை முதலாளி தாம்தூம் என்று குதிப்பார். அதனால் விரலுறையைக் கழற்றாமலே வேலை செய்வாள். கழற்றிய அன்றைக்கு எப்படியும் குத்தும்.

இந்தச் சமயத்தில்தான் சேர்மன் 'மனசு டீ' கொண்டுவந்தார்.

பாக்கெட்டில் மஞ்சள் பூவின் படம். உள்ளே உலர்ந்த பூவும் இலையும், அதோடு அதே செடியின் சாற்றைக் கெட்டியாக்கி அரைத்த பழுப்புப் பொடியும். செடியின் பெயர் ஹைபெரிக்கம் என்று பின்பக்கம் பொடியெழுத்தில் இருந்தது. மனச்சோர்வு, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் போகும் என்பது சேர்மனின் பிரசங்கம். எரிச்சலுக்கு மூலகாரணமே பிரசங்கம் செய்தால் வேறு என்ன சொல்வது.

"மாத்திரைங்கிறது கெமிக்கல். இது பூம்மா. பூ யாரை என்ன செய்யும்?" என்றார் சேர்மன்.

"அரளியும் பூதாங்க" என்றாள் அவள்.

அவர் காதில் வாங்கவில்லை. அவர் காது அதற்கென்று வைத்ததில்லை. காலையில் அவள் பையில் நாலு பாக்கெட்டைத் திணித்து, "கடையில நாலு பேருக்குக் குடு, உன் முகத்தைப் பார்த்து வாங்குவாங்க" என்றார். தன் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் வாங்கியதில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் எடுத்துப் போனாள். குப்பையில் போட்டால் குப்பைக்காரர் திருப்பிக் கொண்டுவந்து கொடுப்பார், அவரும் சேர்மனின் ஆள்.

கடையில் குடித்தது கவுன்ட்டர் பெண். பில் போட்டுத் துணி வாங்கி வைப்பவள். இடுப்பில் ஒரு குழந்தை, நெடுந்தூர லாரி ஓட்டும் புருஷன், மாதத்தில் பாதி நாள் தனிமை. முகம் எப்போதும் வாடியே இருக்கும். தையல்காரி ஒரு பாக்கெட்டை அவள் முன்னால் போட்டாள்.

"என் வீட்டு மேதை குடுத்தது. குடிச்சா சிரிப்பு வருமாம். எனக்குப் பாக்கெட்டைப் பார்த்தாலே வருது."

அந்தப் பெண் குடித்தாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, போகும்போது ஒன்று. கொஞ்ச நாளில் நிஜமாகவே முகம் தெளிந்தது. "அக்கா, நல்லா இருக்குக்கா" என்றாள். தையல்காரி உதட்டைப் பிதுக்கினாள். சுடுதண்ணி குடித்தாலும் தெளியும் வயசு என்பது அவள் எண்ணம்.

பிறகு ஒரு நாள் கவுன்ட்டர் பெண் பின்னறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள். மாதவிலக்குக்கு நடுவே நடுவே ரத்தம் படுகிறதாம். கர்ப்பத்தடை மாத்திரை எடுக்க ஆரம்பித்ததிலிருந்து இப்படி ஆனதே இல்லையாம்.

"நின்னுக்கிட்டே வேலை பார்க்கற உடம்பு, அப்படித்தான் இருக்கும், போ" என்றாள் தையல்காரி, வாயில் குண்டூசிகளோடு.

அதற்கடுத்த முறை வந்தபோது அந்தப் பெண்ணின் கண் வீங்கியிருந்தது. நாள் தள்ளிப்போயிருந்தது. சோதித்துப் பார்த்தாகிவிட்டது, உறுதி.

"ஒரு மாத்திரை விடலைக்கா. சாமி சத்தியமா ஒன்னுகூட விடலை. ராத்திரி பல் விளக்கினதும் அதைத்தான் போடுவேன். அவரு நம்ப மாட்டேங்கறாரு. முதல் பிரசவத்துல நான் பட்ட பாட்டைப் பார்த்துட்டு, இனிமே வேண்டாம்னு சொன்னதே அவருதான். இப்ப நான் வேணும்னே மாத்திரையை விட்டுட்டு அவரை ஏமாத்திட்டேனாம். முகத்தைப் பார்த்துப் பேச மாட்டேங்கறாரு."

தையல்காரி சிரித்தாள். வாய்விட்டே சிரித்தாள். "விடாம போட்டா எப்படிம்மா கரு நிக்கும்? எங்கிட்ட எதுக்குக் கதை. மறந்திருப்பே. மறந்துட்டேன்னு புருஷன்கிட்ட ஒத்துக்க, ரெண்டு நாள் முறைப்பான், அப்புறம் சரியாயிடுவான்."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கவுன்ட்டருக்குத் திரும்பிப் போனாள். அன்று சாயங்காலம் சேர்மனிடம் இதை ஒரு வேடிக்கையாகச் சொன்னது தையல்காரிதான். கவுன்ட்டர் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னாள். மாத்திரை விஷயம் பெண்கள் விஷயம், அதை அவரிடம் சொல்லவில்லை.

சேர்மனின் கண்கள் விரிந்தன. ஏற்கெனவே அவருடைய வாடிக்கைக்காரர்களில் இரண்டு பெண்களுக்கு வயிறு நிறைந்திருந்தது. பள்ளி வேன் ஓட்டுநரின் மனைவி ஒருத்தி, தட்டச்சு நிலையக்காரி ஒருத்தி. மூன்றாவதும் சேர்ந்தபோது சேர்மனின் மூளையில் மின்னல் வெட்டியது. அவர் மூளையில் மின்னல் வெட்டினால் அடுத்து இடி விழுவது மற்றவர் தலையில்தான். மறுநாளே வாசலில் ஒரு பலகை ஏறியது: 'மனசு டீ, மடி நிறைக்கும் டீ.'

கூட்டம் வந்தது. கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தையில்லாதவர்கள், டாக்டர்களிடம் நடந்து ஓய்ந்தவர்கள், மாமியாரின் வாய்க்குப் பயந்தவர்கள். சேர்மன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அவர்கள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நாடி மணிக்கட்டில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

இங்கேதான் தையல்காரி சறுக்கினாள். இருபத்தேழு வருஷம் சறுக்காதவள். கட்டிலுக்கு அடியில் எதுவும் போகவில்லை, சரக்கு வாசலிலேயே தீர்ந்தது, பெண்கள் அவரைக் கும்பிட்டார்கள். இந்த ஆள் ஒரு தடவையாவது சரியாக ஒன்றைப் பிடித்துவிட்டாரோ என்று அவள் மனதில் ஓர் ஓரம் கேட்டது. அவளுக்கும் சில நாளாகத் தூக்கம் சரியில்லை, உடம்பில் ஓர் அலுப்பு. சேர்மன் பார்க்காத நேரத்தில் ஒரு கோப்பை போட்டுக் குடித்தாள். திருடனைப் போல நின்றுகொண்டே குடித்தாள்.

சில வாரத்தில் அவளுக்கு ஓர் அதிசயம் நடந்தது. விரலுறை போடாமல் தைத்தபோது ஊசி ஏறியது. பஞ்சை எடுக்கத் திரும்பினாள். எடுத்து வருவதற்குள் ரத்தம் நின்றிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே. இத்தனை வருஷமாக ஊசிக்குப் பயந்து பயந்து தைத்தவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உடம்பு தேறிவிட்டது, ரத்தம் பழையபடி கெட்டியாகிவிட்டது என்று அவள் நினைத்தாள். விரலுறையைத் தூக்கிப் பெட்டிக்குள் போட்டாள். டீ ஒன்றிலிருந்து மூன்றானது.

மாதாந்திரப் பரிசோதனையில் எண் இறங்கியிருந்தது. நம்பர் நர்ஸ் நெற்றியைச் சுருக்கினாள்.

"மாத்திரையை விட்டீங்களா?"

"இல்லை."

"கீரை வழக்கத்தைவிட அதிகமா? புதுசா வேற ஏதாவது மருந்து, நாட்டு மருந்து?"

"மருந்தே கிடையாது" என்றாள் தையல்காரி. பொய் சொல்லவில்லை. டீயை யார் மருந்து என்பார்கள். நர்ஸ் டாக்டரிடம் கேட்டு மாத்திரையின் அளவைக் கூட்டினாள், அடுத்த வாரமே திரும்ப வரச் சொன்னாள். அடுத்த வாரம் தையல்காரி போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. குத்தினால் உடனே நிற்கும் ரத்தத்தை வைத்துக்கொண்டு எதற்காக வரிசையில் உட்கார வேண்டும். அவள் விரலே அவளுக்கு மருத்துவமனை ஆகிவிட்டது. ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவள் தன் புத்தியை அடகு வைத்த கதை இதுதான்.

ஒரு நாள் முற்பகல், கோட்டு ஒன்றின் கையை வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரிக்கோல் அவள் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், விரல்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கவுன்ட்டர் பெண்ணைக் கூப்பிட்டாள். வாயிலிருந்து வந்தது பெயராக இல்லை, குழறலாக இருந்தது. அந்தப் பெண் ஓடி வந்து தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். சற்று நேரத்தில் விரல்கள் தாமாக அசைந்தன, நாக்கும் வழிக்கு வந்தது. ஆட்டோ கூப்பிடுகிறேன் என்றாள் அந்தப் பெண். வேண்டாம், சேர்மனைக் கூப்பிடு என்றாள் இவள். அதுவே அவள் எந்த நிலைமைக்கு வந்துவிட்டாள் என்பதற்குச் சாட்சி.

சேர்மன் வந்தார். பார்த்தார். "களைப்பும்மா. வேற ஒன்னுமில்லை. கெட்டியா ஒரு கோப்பை போட்டுக் குடி" என்றார்.

கவுன்ட்டர் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவரைத் தாண்டிப் போய் ஆட்டோவை நிறுத்தி, தையல்காரியைக் கையைப் பிடித்து ஏற்றித் தானும் ஏறிக்கொண்டாள். மாசமாக இருக்கும் பெண்ணுக்கு இருந்த மூளை சேர்மனுக்கு இல்லை என்பதில் புதுமை எதுவும் கிடையாது.

நம்பர் நர்ஸ் விரலில் குத்தினாள். ஒன்று புள்ளி நாலு. வால்வு வைத்திருப்பவளுக்கு அது கெட்ட எண். கத்தரிக்கோல் விழுந்த கதையைக் கேட்டதும் நர்ஸ் எழுந்து டாக்டரைக் கூப்பிட்டாள். திரும்பி வந்து, "வரச் சொன்ன அன்னைக்கு ஏன் வரலை?" என்றாள்.

தையல்காரிக்குப் பெருமை அப்போதும் போகவில்லை. "எனக்கு இப்பெல்லாம் குத்தினா உடனே நின்னுடுது நர்ஸம்மா. முன்ன மாதிரி இல்லை. நல்லாயிட்டேன்."

நர்ஸ் அவளையே பார்த்தாள். "உங்களுக்கு உடனே நிக்கக்கூடாது. நிக்காம இருக்கத்தான் மாத்திரையே குடுக்கறோம். நின்னா மாத்திரை வேலை செய்யலைன்னு அர்த்தம். தினமும் வாயில என்னென்ன போகுதுன்னு சொல்லுங்க. மருந்தான்னு நான் கேட்கலை, தண்ணி வரைக்கும் சொல்லுங்க."

தண்ணி, சாப்பாடு, காபி என்று வந்து டீயில் நின்றது. பாக்கெட் கவுன்ட்டர் பெண்ணின் கைப்பையிலேயே இருந்தது. நர்ஸ் திருப்பிப் பொடியெழுத்தைப் படித்தாள்.

"ஹைபெரிக்கம். சாறும் சேர்த்திருக்கான். இது சும்மா செடி இல்லைங்க, வேலை செய்யற சரக்கு. லேசான மனச்சோர்வுக்கு டாக்டருங்களே இதைக் குடுக்கற இடம் உண்டு. அதனாலதான் வம்பு. நாம சாப்பிடற மாத்திரையை உடைச்சு வெளிய தள்ளற வேலையைக் கல்லீரல் பாக்குது. இதைத் தினமும் குடிச்சா ஒரு வாரம் ரெண்டு வாரத்துல அந்த வேலை வேகமாயிடும். நீங்க போட்ட மாத்திரை தன் வேலையை முடிக்கறதுக்கு முன்னாடியே கல்லீரல் அதைக் காலி பண்ணிடும். உங்க மாத்திரை மட்டுமில்லை. கிட்னி மாத்திக்கிட்டவங்க சாப்பிடறது, எச்ஐவிக்குச் சாப்பிடறது, சில இதய மாத்திரை, கர்ப்பத்தடை மாத்திரை, இன்னும் நிறைய இருக்கு. மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிடறவங்க இதையும் சேர்த்துக் குடிச்சா அது வேற ஆபத்து."

கர்ப்பத்தடை என்ற சொல் விழுந்ததும் கவுன்ட்டர் பெண் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்படின்னா மாத்திரையை விடாம போட்டாலும் கரு நிக்குமா?" என்று கேட்டாள்.

"நிக்கலாம். நடுவில நடுவில ரத்தம் பட்டிருக்குமே, அதுவே ஒரு அடையாளம்."

அந்தப் பெண் அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். இந்த டீயை மாசமாக இருக்கும்போது குடிப்பது நல்லதா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, அதனால் நிறுத்திவிட்டு உன் டாக்டரிடம் சொல் என்று நர்ஸ் அவளிடம் தனியாகச் சொல்லி அனுப்பினாள்.

தையல்காரியைப் படுக்கையில் போட்டார்கள். தலைக்கு ஸ்கேன், நெஞ்சுக்கு ஸ்கேன். வால்வின் விளிம்பில் மெல்லியதாக ஏதோ படிந்திருந்தது. வயிற்றில் ஊசி போட்டு ரத்தம் உறையாமல் பார்த்துக்கொண்டார்கள். டீயை நிறுத்தினாலும் கல்லீரல் பழைய நிலைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும், அதற்குள் எண் தானாக ஏற ஆரம்பிக்கும், கூட்டிய மாத்திரையைப் பார்த்துப் பார்த்துக் குறைக்காவிட்டால் இந்தத் தடவை அந்தப் பக்கம் கவிழ்ந்து ரத்தம் கசியும் என்றாள் நர்ஸ். அதனால் சில நாளுக்கு ஒரு முறை வந்து குத்திக்கொண்டு போக வேண்டும். தையல்காரி தலையாட்டினாள்.

படுத்தபடியே அவள் வாசல் பலகையை நினைத்துப் பார்த்தாள். வேன்காரர் மனைவிக்கு மூன்று குழந்தைகள், போதும் போதும் என்று சொன்னவள். தட்டச்சுக்காரிக்குக் கல்யாணமே அடுத்த வருஷம்தான். கவுன்ட்டர் பெண்ணைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நிறைந்த மடி மூன்றும், வேண்டாம் என்று மாத்திரை போட்டவர்களின் மடியாகத்தான் இருக்க முடியும். வேண்டும் வேண்டும் என்று கும்பிட்டுக் குடித்தவர்களில் ஒருத்திக்குக்கூட நாள் தள்ளிப்போகவில்லை. இத்தனை அப்பட்டமான விஷயம் தன் கண்ணெதிரே நடந்தும் தனக்குத் தெரியாமல் போனதில் அவளுக்கு வந்த கோபம் சேர்மன் மேல் வந்த கோபத்தைவிட அதிகம்.

வீட்டுக்கு வந்ததும் சேர்மனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். கல்லீரல், மாத்திரை, வால்வில் படிந்தது, மூன்று பெண்கள். சேர்மன் தாடையைத் தடவியபடி கேட்டார். மனுஷனுக்குக் கொஞ்சமாவது உறுத்தும் என்று அவள் எதிர்பார்த்தாள். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகும் எதிர்பார்த்தாள் பாருங்கள்.

"அப்போ," என்றார் சேர்மன், "பலகையில போட்டது உண்மைதானேம்மா. குழந்தை பொறக்குதுல்ல?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். சிலரைத் திட்டினால் திட்டுக்குத்தான் அவமானம்.

ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக் குடியிருப்பின் பொது அறையில் சேர்மன் கூட்டம் போட்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய ஃபிளாஸ்க், காகிதக் கோப்பைகள், ஒலிபெருக்கி. சாட்சி சொல்ல மூன்று கர்ப்பிணிகளையும் அழைத்திருந்தார். கவுன்ட்டர் பெண் மட்டும் வந்திருந்தாள், லாரியிலிருந்து இறங்கியிருந்த புருஷனோடு. அவன் ஒரு நாற்காலி தள்ளி, வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவளாக அவனை இழுத்து வந்திருக்கிறாள் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

"முதல்ல என் சம்சாரம் பேசுவாங்க. இதயத்துல வால்வு வெச்சவங்க. இந்த டீ குடிச்சுத்தான் இன்னைக்கு உங்க முன்னாடி நிக்கறாங்க" என்று ஒலிபெருக்கியைக் கொடுத்தார் சேர்மன். அவள் தனக்குச் சாதகமாகவே பேசுவாள் என்று அவர் நம்பியிருந்தார். முட்டாளுக்கு நம்பிக்கை மட்டும் குறையவே குறையாது.

"இந்த டீ குடிச்சும் நிக்கறேன், அதுதான் விஷயம்" என்றாள் தையல்காரி. "உங்கள்ல தினமும் ஏதாவது ஒரு மாத்திரை சாப்பிடறவங்க கோப்பையைக் கீழ வையுங்க. எந்த மாத்திரையா இருந்தாலும் சரி. முதல்ல உங்க டாக்டரைக் கேளுங்க. என் மாத்திரையை இது தின்னுடுச்சு. கை விழுந்து, வாய் குழறி, ஆஸ்பத்திரியில கிடந்துட்டு வரேன். ரொம்ப நாளா குடிச்சுக்கிட்டு இருக்கறவங்களும் டாக்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்தணும், ஏன்னா நிறுத்தினா மாத்திரையோட வேகம் கூடிடும். குழந்தை வேணும்னு குடிக்கறவங்க வீணா குடிக்காதீங்க. இது யாருக்கும் குழந்தை குடுக்கலை. வேண்டாம்னு மாத்திரை போட்டவங்களோட மாத்திரையை முறிச்சுது. அவ்வளவுதான்."

சேர்மன், "உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரி மருந்து தலைக்கு ஏறிடுச்சு" என்று சிரித்தபடி ஒலிபெருக்கியைப் பிடுங்கப் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பெண் கோப்பையைத் தரையில் வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் வைத்தாள். பின்வரிசையில் ஒரு வயதான ஆள் எழுந்து, தன் சர்க்கரை மாத்திரையின் அட்டையைப் பையில் தேடியபடியே வெளியே போனார்.

அப்போதுதான் கவுன்ட்டர் பெண் எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூட்டத்தைப் பார்க்காமல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துப் பேசினாள்.

"நான்தான் அது. மாத்திரை போட்டேன், ஒன்னுகூட விடலை. இந்த டீயும் குடிச்சேன். ஆஸ்பத்திரியில கேட்டுக்குங்க, நர்ஸ் பேரு வேணும்னாலும் தரேன்."

லாரிக்காரன் தரையைப் பார்த்தான். காது சிவந்துபோய், கையிலிருந்த சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டே இருந்தான். பிறகு நடுவிலிருந்த நாற்காலியை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான். ஏதோ சொன்னான், தள்ளி நின்றவர்களுக்குக் கேட்கவில்லை.

தையல்காரிக்கு நெஞ்சு லேசானது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு ஒலிபெருக்கியை மேசையில் வைத்துவிட்டு அவர்களிடம் போனாள். அந்தப் பெண்ணின் தோளில் கை வைத்து, "புருஷன்னா நம்பணும் தம்பி. பொண்டாட்டி சத்தியம் பண்ணியும் நம்பாதவன் என்ன மனுஷன்" என்றாள். குரலில் பழைய இளக்காரம் திரும்பியிருந்தது. திரும்பாமல் எங்கே போகும்.

கவுன்ட்டர் பெண் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே விட்டாள்.

"உங்ககிட்டதான்க்கா முதல்ல சொன்னேன்" என்றாள். "நீங்க சிரிச்சீங்க."